பக்கத்து மேசைக்காரன்

ஜொகூர் மாநிலத்தில் 2014 தொடங்கி 2024 முடியப் பள்ளி வாரம் ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கியது. வெள்ளியும் சனியும் விடுமுறை. 2025 ஜனவரியிலிருந்து மறுபடியும் சனி, ஞாயிறு விடுமுறை என்றாகிவிட, சபைகூடலும் திங்களுக்கே திரும்பி வந்தது. கிழமைதான் மாறியது. விடுமுறை முடிந்த காலையில் கணினி அறைக்கு வரும் பிள்ளைகளின் முழிப்பு மாறவில்லை. இரண்டு நாளில் வாய்ப்பாடு மறப்பதில்லை, பாட்டு மறப்பதில்லை, யாருக்கு யார் கடன் என்பது அறவே மறப்பதில்லை. கடவுச்சொல் மட்டும் போய்விடுகிறது.

சிம்பாங் ரெங்கத்தில், செம்பனையும் அன்னாசியும் சூழ்ந்த அந்தச் சின்ன ஊரில், ஒரு தமிழ்ப்பள்ளியின் சபைகூடலில் மாணவர் கணக்குப் பாதுகாப்பைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை வரிசையாக நிற்கும் பிள்ளைகள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். இப்படிப்பட்ட உரைகளுக்கென்று ஒரு வாடிக்கையான பாதை இருக்கிறது. தலையில் முக்காடிட்ட ஒரு மர்ம மனிதன், இருட்டறை, பச்சை எழுத்துகள் ஓடும் திரை, ‘உங்கள் கணக்கைத் திருடிவிடுவான், ஜாக்கிரதை’ என்ற மிரட்டல். பிள்ளைகள் ரசித்துக் கேட்பார்கள். ஒன்றும் மாறாது. ஏனென்றால் அந்த மனிதன் நம் மூன்றாம் ஆண்டு மாணவனின் கணக்கைத் தேடி வருவதில்லை. வருகிறவன் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கிறான்.

இது என் ஊகம் அல்ல. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2025 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2022 ஜனவரியிலிருந்து 2024 ஆகஸ்டு வரை, கல்வி நிறுவனங்களுக்கு உள்ளே இருப்பவர்களாலேயே நடந்த 215 தரவு மீறல்களை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அவற்றில் 57 விழுக்காட்டைச் செய்தவர்கள் மாணவர்கள். ஏறத்தாழ 30 விழுக்காட்டில் அடுத்தவரின் நுழைவு விவரம் பயன்படுத்தப்பட்டிருக்கிறது. அப்படி நுழைந்தவர்களில் 97 விழுக்காட்டினர் மாணவர்கள். பாதுகாப்பை உடைக்கத் தேர்ந்த நுட்பம் தேவைப்பட்டவை வெறும் 5 விழுக்காடு. மற்றவற்றில் எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல், தாளில் எழுதிக் கிடந்த கடவுச்சொல், கவனிப்பாரின்றி விட்ட கணினி போன்றவையும் உண்டு. பிரிட்டனில் நடந்ததுதான். ஆனால் எந்த நாட்டுக் கணினி அறையிலும் பிள்ளைகள் தோளோடு தோள் உரசித்தான் உட்காருகிறார்கள்.

நம் பிள்ளைகளின் கணக்கு எது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மலேசியப் பள்ளிகளில் முன்பு ஃப்ரோக் வி.எல்.இ. என்ற தளம் இருந்தது. அதன் ஒப்பந்தம் 2019 ஜூனோடு முடிந்தது. பள்ளிகள் கூகுள் கிளாஸ்ரூமுக்கு மாறின. அப்போது கல்வி அமைச்சர் மஸ்லி மாலிக். இதே சிம்பாங் ரெங்கம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். ஊரில் கேட்டால் வெள்ளைக் காலணியைக் கறுப்பாக மாற்றியவர் என்றுதான் அவரைச் சொல்வார்கள். பிள்ளைகளின் பாடம் இன்னொரு தளத்துக்குப் போனது யார் நினைவிலும் இல்லை. பெருந்தொற்று வந்தது. 2020 ஜூனில் டெலிமா என்ற தளம் தொடங்கியது. இன்று ஒவ்வொரு மாணவனுக்கும் `m-` என்று தொடங்கி, எண்கள் தொடர்ந்து, `@moe-dl.edu.my` என்று முடியும் ஒரு முகவரி இருக்கிறது. ஆசிரியருக்கு `g-`. பாடம், வீட்டுப்பாடம், சேமித்து வைத்த படம், எழுதிய கட்டுரை எல்லாம் அந்த ஒரே கதவுக்குப் பின்னால்.

இந்த முகவரியில் பெயர் இல்லை, வெறும் எண். பிள்ளையால் அதை மனத்தில் வைத்துக்கொள்ள முடிவதில்லை. ஆகவே பெயர்ப்பட்டியலோடு சேர்த்து அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிடுகிறோம். அதனால் பெரிய கேடில்லை. முகவரி ரகசியம் அல்ல. கேடு அடுத்த நிரலில் தொடங்குகிறது. கடவுச்சொல்லையும் அதே தாளில் பக்கத்திலேயே அச்சடித்துவிடுகிறோம். இன்னும் வசதியாக, வகுப்பு முழுவதற்கும் ஒரே கடவுச்சொல்லைப் போட்டுவிடுகிறோம். ஆண்டுத் தொடக்கத்தில் முப்பது பிள்ளைகள் வரிசையில் நிற்க, பாடவேளை கரைந்துகொண்டிருக்கும்போது ஓர் ஆசிரியர் இதைச் செய்வது எனக்குப் புரிகிறது. ஆனால் அதன் பின் பிள்ளைகளிடம் போய் ‘கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதே’ என்றால், சொல்வதற்கு அங்கே என்ன மிச்சம் இருக்கிறது?

ஒரே கடவுச்சொல்லுக்கு அடுத்தபடியாக நான் பார்ப்பது அடையாள அட்டை எண். பெற்றோருக்கும் பிடித்த வழி: பிள்ளைக்கு எப்படியும் தெரிந்த எண், மறக்காது, பன்னிரண்டு இலக்கம் இருப்பதால் பலமாகவும் தோன்றுகிறது. பிரித்துப் பார்ப்போம். முதல் ஆறு இலக்கம் பிறந்த ஆண்டு, மாதம், நாள். வகுப்பில் இனிப்பு கொடுத்துக் கொண்டாடும் நாளை வகுப்புத் தோழன் அறியாமல் இருப்பானா? அடுத்த இரண்டு, பிறந்த மாநிலம். ஜொகூரில் பிறந்தவர்களுக்குப் பெரும்பாலும் 01. மிச்சம் நான்கு இலக்கம், அதாவது பத்தாயிரம் வாய்ப்பு. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றை, பெண்ணுக்கு இரட்டை. ஆக ஐந்தாயிரம். பன்னிரண்டு இலக்கம் என்று நம்பியது, பக்கத்து மேசைக்காரனுக்கு நான்கு இலக்கத்திலும் பாதியாகச் சுருங்கிவிடுகிறது. ஐந்தாயிரம் தடவை தட்டிப் பார்க்க எந்தத் தளமும் விடாது என்பது உண்மைதான். ஆனால் அவன் தட்டிப் பார்க்கவே வேண்டியதில்லை. பள்ளியில் நிரப்பும் படிவங்கள் பலவற்றில் அந்த எண் இருக்கிறது. மேசைமேல் கிடக்கும் ஒரு தாள் போதும்.

சபைகூடலில் இதை இப்படி எல்லாம் கணக்குப் போட்டுச் சொல்ல முடியாது. ‘பிறந்த நாளோ அடையாள அட்டை எண்ணோ கடவுச்சொல்லாக இருந்தால் கை தூக்குங்கள்’ என்றும் கேட்கக் கூடாது. கேட்டால் பிள்ளைகள் உண்மையாகவே கை தூக்குவார்கள், நானூறு கண்கள் அதைப் பார்க்கும். பேச வருகிறவர்கள் பலர் உற்சாகத்தில் இதைச் செய்துவிடுகிறார்கள். ‘உங்கள் கடவுச்சொல்லில் எண் இருக்கிறதா, எத்தனை எழுத்து’ என்ற கேள்விகளும் அப்படித்தான். பாதுகாப்புப் பற்றிய பேச்சே பாதுகாப்பின் முதல் ஓட்டையாகிவிடும்.

இன்னொரு சிக்கல், பிள்ளைகள் கடவுச்சொல்லை அலட்சியத்தால் சொல்வதில்லை என்பது. கணினி அறையில் ஒரு பையன் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றான்.

“டீச்சர், எனக்கு மறந்துபோச்சு.”

“எழுதி வச்சிருக்கியா?”

“இல்ல டீச்சர். ஆனா இவனுக்குத் தெரியும். கேட்கவா?”

பக்கத்தில் இருந்தவன் பெருமையோடு எழுந்து நின்றான். அவன் முகத்தில் குற்ற உணர்வு துளியும் இல்லை. ஏன் இருக்க வேண்டும்? நண்பனின் பொருளைப் பத்திரமாக வைத்திருந்து, வேண்டிய நேரத்தில் எடுத்துக் கொடுக்கிறான். அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனம், நிஸ்ட் என்பார்கள், 8 முதல் 18 வயது வரையிலான 1,500-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் கேட்டு 2021-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. கடவுச்சொல்லைப் பிறரிடம் சொல்லக் கூடாது என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்தே இருக்கிறது. ஆனாலும் நண்பனிடம் சொல்வதை அவர்கள் தவறாக எண்ணுவதில்லை. நட்புக்கும் நம்பிக்கைக்கும் அடையாளமாக எண்ணுகிறார்கள். நாமோ வீட்டில் ‘தம்பிக்கும் கொடு’ என்று சொல்லிச் சொல்லி வளர்க்கிறோம். பள்ளியில் அழிப்பான் முதல் சாப்பாடு வரை பகிரச் சொல்கிறோம். பிறகு ஒரு திங்கட்கிழமை திடீரென்று, இந்த ஒன்றை மட்டும் கொடுக்காதே என்கிறோம். காரணம் சொல்லாமல் கேட்டால், அது நட்பைக் குறைத்துக்கொள்ளச் சொல்வதாகத்தான் ஒரு பிள்ளையின் காதில் விழும்.

காரணத்தை நான் இப்படிச் சொன்னேன். உன் கணக்கிலிருந்து யாராவது ஒரு கெட்ட வார்த்தையை வகுப்புக் குழுவில் எழுதினால், திரையில் உன் பெயர்தான் வரும். கடவுச்சொல் தெரிந்த நண்பனை டீச்சர் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருக்கும். அவன் எழுதவில்லை என்றாலும் அவனால் நிரூபிக்க முடியாது. சொல்லாமல் இருந்தால் அவன்மேல் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கடைசி வரியில்தான் நான்காம் ஆண்டு வரிசையில் சில தலைகள் நிமிர்ந்தன. தன் கணக்கைக் காப்பதைவிட நண்பனைச் சந்தேகத்திலிருந்து காப்பது அந்த வயதுக்குப் பெரிய காரியம். உண்மையும் அதுவே.

இனி மறதிக்கு வருவோம். பள்ளியில் கணக்கு முடங்குவதற்குத் திருட்டைவிட மறதிதான் பெரிய காரணம். மறதியைவிடவும் பெரிய காரணம், மறந்தபின் பிள்ளை செய்யும் காரியம்: நிறுத்தாமல் தட்டிக்கொண்டே இருப்பது.

தளங்கள் ஏன் முடக்குகின்றன என்றால், தவறாகத் தட்டுகிறவன் உரியவனா திருடனா என்று அவற்றுக்குத் தெரியாது. மைக்ரோசாஃப்ட் பள்ளிக் கணக்குகளின் வழக்கமான அமைப்பு இது: பத்து முறை தவறினால் ஒரு நிமிடம் பூட்டிவிடும். மேலும் தவறினால் அடுத்தடுத்த பூட்டு நீண்டுகொண்டே போகும். ஒரு சுவாரசியம், ஒரே தவறான சொல்லைத் திரும்பத் திரும்பத் தட்டினால் அதைப் புதிய தவறாக அது எண்ணுவதில்லை. கடைசியாகத் தட்டிய மூன்று தவறான சொற்களின் சுவட்டை வைத்துக்கொண்டு, அதையே மறுபடி தட்டுகிறவன் மறந்துபோன உரியவனாகத்தான் இருப்பான் என்று விட்டுவிடுகிறது. வெவ்வேறு சொல்லை மாற்றி மாற்றித் தட்டுகிறவனைத்தான் திருடன் என்று சந்தேகிக்கிறது. கூகுள் இத்தனை முறை என்று வரம்பு சொல்வதில்லை. முதலில் கோணல் எழுத்துகளைக் காட்டிப் படிக்கச் சொல்லும், பிறகு வேறு சான்று கேட்கும்.

இப்போது பதற்றத்தில் இருக்கும் பத்து வயதுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். பழைய கடவுச்சொல், விளையாட்டுக் கணக்கின் கடவுச்சொல், அக்காவின் கடவுச்சொல் என்று நினைவுக்கு வந்ததையெல்லாம் மாற்றி மாற்றித் தட்டுகிறது. அதாவது திருடன் எப்படித் தட்டுவானோ அப்படியே.

ஆகவே சபைகூடலில் நான் அழுத்திச் சொன்ன பழக்கம் ஒன்றே ஒன்று. இரண்டு முறை தவறினால் கையை எடு. மூன்றாம் முறை தட்டுவதற்கு முன் கண்ணால் பார். கடவுச்சொல் கட்டத்தில் எழுத்தைக் காட்டச் சொல்லும் குறியை அழுத்தினால் புள்ளிகள் எழுத்தாக மாறும். பக்கத்தில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு அதை அழுத்து. பெரிய எழுத்துப் பூட்டு எரிகிறதா? கைப்பேசி முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கிவிட்டதா? சொல்லின் கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கிறதா? மேலே இருக்கும் `m-` எண் உன்னுடையதுதானா? கடைசிக் கேள்வியைப் பிள்ளைகள் கேட்டுக்கொள்வதே இல்லை. வீட்டில் ஒரே கைப்பேசியில் அண்ணன், தங்கை, அம்மா மூவரின் கணக்கும் இருக்கும். உலாவி தங்கையின் முகவரியை முன்கூட்டியே நிரப்பி வைத்திருக்கும். சரியான கடவுச்சொல்லைத் தவறான கணக்கில் தட்டிவிட்டு அழுகிற பிள்ளைகளை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆசிரியர் கடவுச்சொல்லை மாற்றிக் கொடுத்த மறுநாளும் இதுவே கதை. வீட்டுக் கைப்பேசி பழைய சொல்லைச் சேமித்து வைத்திருக்கிறது. கட்டத்தில் புள்ளிகள் தாமாக நிரம்பி நிற்கின்றன. புள்ளிகள் இருப்பதால் சரியென்று நம்பிப் பிள்ளை அழுத்துகிறது, மறுபடி அழுத்துகிறது. அந்தப் புள்ளிகளை முழுதும் அழித்துவிட்டுப் புதிய சொல்லைத் தட்ட வேண்டும், பிறகு பழையதற்குப் பதில் புதியதைச் சேமிக்க வேண்டும். அம்மா அப்பாவிடம் சொல்லச் சொல்லி அனுப்ப வேண்டிய செய்தி இது.

பார்த்தும் சரிவரவில்லை என்றால் வகுப்பாசிரியரிடம் வந்துவிட வேண்டும். மாணவர் கணக்கின் கடவுச்சொல்லைப் பிள்ளை தானாக மீட்பது கடினம். வகுப்பாசிரியர் கல்வி அமைச்சின் `idMe` தளத்தில் நுழைந்து மாற்றிக் கொடுக்கலாம். சில நிமிட வேலை. ஆனால் அந்தச் சில நிமிடத்தைக் கேட்பதற்குப் பிள்ளை அஞ்சுகிறது. ‘போன வாரந்தானே மாத்திக் கொடுத்தேன்?’ என்று வகுப்பின் முன் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், அந்தப் பிள்ளை அடுத்த முறை நம்மிடம் வராது. நண்பனிடம் கடவுச்சொல்லைக் கொடுத்துவைக்கும், அல்லது வீட்டுப்பாடமே செய்யாது. மறந்ததற்குத் திட்டாத வகுப்பில்தான் ரகசியம் ரகசியமாக இருக்கும் என்பது என் முடிவு.

மறக்காத கடவுச்சொல்லை எப்படி அமைப்பது? மூன்று தொடர்பில்லாத சொற்களைக் கோத்துக்கொள்ளுங்கள் என்று பிரிட்டனின் தேசிய இணையப் பாதுகாப்பு மையம் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. நல்ல யோசனை. நீளமாகவும் இருக்கும், நினைவிலும் நிற்கும். எழுத்துக்கு நடுவே குறிகளைத் திணித்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் பழைய முறையை நிஸ்ட் 2017-லேயே கைவிட்டுவிட்டது. அந்தப் பழைய அறிவுரையை 2003-இல் எழுதிய பில் பர் என்பவரே, அதில் பெரும்பகுதிக்காக இப்போது வருந்துவதாகச் சொன்னார். நம் பள்ளிகளில் இன்னும் அதைத்தான் சுவரொட்டியாக ஒட்டிவைத்திருக்கிறோம்.

ஆனால் மூன்று சொல் யோசனை தமிழ்ப்பள்ளியில் ஓர் இடத்தில் இடறுகிறது. பிள்ளைகள் தமிழ்ச் சொல்லை ரோமன் எழுத்தில் தட்டுகிறார்கள். அதற்கு ஒரே எழுத்துக்கூட்டு கிடையாது. வாழைப்பழத்தைத் திங்கட்கிழமை `vazhaipazham` என்று வைத்த பிள்ளை, வியாழக்கிழமை `valaipalam` என்று தட்டுகிறது. சொல் மறக்கவில்லை, எழுத்துக்கூட்டுதான் மறந்துவிட்டது. பிள்ளைக்கோ தான் சரியாகத்தான் தட்டுகிறோம் என்ற உறுதி. அந்த உறுதியில் பலமுறை தட்டிக் கணக்கைப் பூட்டிவிடுகிறது. இதற்கு எளிய வழி, எழுத்துக்கூட்டு மாறாத சொல்லைத் தேர்வது. நம் பிள்ளைகள் மலாய் மொழியை முதலாம் ஆண்டிலிருந்து ரூமி எழுத்தில் படிக்கிறார்கள். குடைக்கு `payung`, எருமைக்கு `kerbau`, பாலத்துக்கு `jambatan`. மூன்றும் சேர்ந்தால் இருபது எழுத்து. தட்டும் ஒவ்வொரு நாளும் ஒரே எழுத்துக்கூட்டு. தளம் எண்ணும் வேண்டும் என்றால் கடைசியில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம், பிறந்த நாள் தவிர.

இந்த உதாரணத்தை நான் சபைகூடலில் சொல்லவில்லை, இங்கே மட்டுந்தான் எழுதுகிறேன். மேடையில் எந்த உதாரணத்தைச் சொன்னாலும் மறுநாள் பாதி வகுப்பின் கடவுச்சொல் அதுவாகத்தான் இருக்கும். அதற்குப் பதிலாக, ‘வீட்டுச் சமையலறையில் இருக்கும் ஒரு பொருள், ஒரு விலங்கு, பள்ளிக்கு வரும் வழியில் பார்க்கும் ஒன்று, மூன்றையும் மனத்தில் நினைத்துக்கொள், வாயைத் திறக்காதே’ என்றேன். வழியில் பார்ப்பதாக அன்னாசியை மட்டும் வைக்காதீர்கள் என்றும் சொன்னேன். இந்த ஊரில் `nanas` என்பதைத்தான் எவனும் முதலில் ஊகிப்பான். சிரித்தார்கள். சிலர் பக்கத்திலிருப்பவனைப் பார்த்தார்கள். ஏற்கெனவே வைத்திருந்தவர்கள் போலிருக்கிறது.

முதலாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இதுகூட அதிகம். ஏழு வயதில் மூன்று மலாய்ச் சொற்களைப் பிழையின்றித் தட்டுவதே பெரும்பாடு. அவர்களுடைய கடவுச்சொல்லைத் தனித்தனிச் சீட்டில் எழுதி, ஆசிரியர் தம் மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருந்து, பாடவேளையில் கொடுத்து வாங்கிக்கொள்வதில் தவறில்லை என்றே நினைக்கிறேன். எழுதவே கூடாது என்ற விதி பெரியவர்களுக்கே பொருந்தவில்லை. எழுதிய தாள் எங்கே இருக்கிறது, யார் கண்ணில் படுகிறது என்பதுதான் கேள்வி. வீட்டில் அம்மாவின் குறிப்பேட்டில் இருப்பது சரி. மேசையின் அடிப்பக்கம் பென்சிலால் எழுதியிருப்பது சரியில்லை. நான் அதையும் பார்த்திருக்கிறேன்.

வெளியேறும் பழக்கத்துக்கு மேடையில் ஒரு நிமிடந்தான் கிடைத்தது. பெருக்கல் குறியை அழுத்திச் சன்னலை மூடினால் கணக்கு மூடாது. அடுத்த வகுப்புப் பிள்ளை உலாவியைத் திறந்ததும் முன்னவனின் பாடம் அப்படியே எழுந்து நிற்கும். மூலையில் இருக்கும் தன் பெயரின் முதல் எழுத்தை அழுத்தி, வெளியேறும் பொத்தானைத் தட்டி, பிறகு பக்கத்தை மறுபடி திறந்து கடவுச்சொல் கேட்கிறதா என்று பார்த்துவிட்டு எழ வேண்டும். மணி அடித்த பிறகு இதைச் செய்ய எந்தப் பிள்ளைக்கும் பொறுமை இருக்காது. கணினிப் பாடத்தை மணிக்கு மூன்று நிமிடம் முன்பே நிறுத்துவது ஆசிரியரின் வேலை.

இந்த உரைகளை ஏற்பாடு செய்கிற ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவதற்கு முந்தின நாள் கணினி அறைக்கு ஒரு நடை போய்வாருங்கள். சுவரில் கடவுச்சொல் நிரலோடு ஒரு தாள் இருந்தால் கழற்றுங்கள். வகுப்புக்கெல்லாம் ஒரே சொல் என்றிருந்தால், நாளுக்கு ஐந்து பிள்ளை வீதம் மாற்றத் தொடங்குங்கள். முப்பது பேர் வகுப்பு ஆறு பள்ளி நாளில் முடிந்துவிடும். அதன்பின் மேடை ஏறினால் போதும்.